பார்த்தது, கூட நின்றது, தனியாகச் செய்தது

நர்சுகளின் பயோடேட்டாக்களைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. வார்டில் ஸ்டாஃப் நர்சாகச் சில வருடங்கள் ஓடிவிட்டு, முதுகுவலி வந்த பிறகு ஒரு மருத்துவமனையின் தரப் பிரிவுக்கு மாறியவள் நான். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எச். ஆய்வுக்கு வார்டுகளைத் தயார் செய்வதுதான் முதன்மை வேலை. ஆள் எடுக்கும் காலத்தில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடம் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பிரித்துக் கொடுப்பதும் எப்படியோ என் தலையில் வந்து சேர்ந்தது. எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் ஒரே ஆள் எழுதிக் கொடுத்தது மாதிரிதான் இருக்கும். எல்லோரும் டைனமிக், எல்லோரும் ஹார்டுவொர்க்கிங், எல்லோருக்கும் சவாலான சூழலில் வேலை பார்க்க ஆசை. வென்டிலேட்டர் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் மட்டும் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள்.

அக்காவின் புரொஃபைலும் அப்படித்தான் இருந்தது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், பி.எஸ்சி. நர்சிங், கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்தவர். நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் பொது மருத்துவ வார்டில் என் சீனியர். நான் வார்டை விட்டுப் போன பிறகும் அவர் அதே மாதிரி வார்டில், வேறொரு தனியார் மருத்துவமனையில், பெரும்பாலும் இரவுப் பணியிலேயே இருந்தார். பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கு அனுப்பவும் சாயங்காலம் வரும்போது வீட்டில் இருக்கவும் அதுதான் தோது என்பது அவர் கணக்கு. தூக்கம் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஒரு நாள் போன் செய்தார். "மக்கா, இந்த நைட்டு இனி முடியாது. பகல்ல ஏதாவது கிடைக்குமா பாரு" என்றார். வேலைவாய்ப்புத் தளத்தில் ஏற்கெனவே புரொஃபைல் இருக்கிறது, அழைப்பும் வருகிறது, ஆனால் எதுவும் உருப்படவில்லை என்றும் சொன்னார். அனுப்பச் சொல்லிப் படித்தேன். பிரவுசிங் சென்டரில் யாரோ அடித்துக் கொடுத்தது. ஐ.சி.யூ. அனுபவம், வென்டிலேட்டர் கேர், சி.ஆர்.ஆர்.டி. என்ற தொடர் டயாலிசிஸ், இதயம் நின்றவரை மீட்கும் ஏ.சி.எல்.எஸ். பயிற்சி, மூச்சுக்குழாய் போடும் இன்ட்யூபேஷனுக்கு உதவி என்று வரிசையாக இருந்தது. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சிக்காரர் ஒருவர், ஐ.சி.யூ. என்று போட்டால்தான் அழைப்பு வரும் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை, அழைப்பு வந்தது. வந்ததெல்லாம் ஐ.சி.யூ. வேலைக்கு. வீடியோவில் நேர்காணல் எடுத்தவர் இரண்டாவது கேள்வியே வென்டிலேட்டரில் பீப் என்ற காற்றழுத்த அளவை எப்போது கூட்டுவீர்கள் என்று கேட்டாராம். "நெட்டு கட்டாயிட்டுன்னு சொல்லி வச்சிட்டேன்" என்றார் அக்கா.

ஊரில் வேலைக்குச் சேரும்போது மிகையாக எழுதினால் முதல் வாரத்தில் தெரிந்துவிடும், அவ்வளவுதான். வளைகுடாவுக்கு என்றால் சங்கதி வேறு. அங்கே உரிமம் வாங்க அனுபவச் சான்றிதழை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் வழியாக, கொடுத்த மருத்துவமனையிடமே நேராகக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். வார்டு நர்ஸ் என்று மருத்துவமனை பதில் எழுதினால் ஐ.சி.யூ. நர்ஸ் என்று போட்ட விண்ணப்பம் அதோடு நின்றுவிடும். ஆனால் எனக்கு உறுத்தியது அந்த ஆபத்து இல்லை. அந்த இரண்டு பக்கத்தில் எனக்குத் தெரிந்த அக்கா எங்கேயுமே இல்லை. அதுதான் உறுத்தியது.

அவருடைய நைட் ஆஃப் அன்று பீளமேட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேடையில் தாளை வைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். கேள்வி ஒன்றுதான். இதைப் பார்த்தீங்களா, கூட நின்னீங்களா, தனியாச் செஞ்சீங்களா? நர்சிங் படித்த எல்லோருக்கும் இது பழகிய கேள்வி. மாணவிகளின் பிராக்டிகல் பதிவேட்டில் இந்த மூன்று நிலைதான் இருக்கும். படித்து முடித்து வெளியே வந்ததும் எல்லாவற்றையும் "செய்தது" என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறோம்.

வென்டிலேட்டர் கேர்? கூட நின்றது. வார்டில் ஒருவருக்கு மூச்சு நின்று குழாய் போட்ட பிறகு, ஐ.சி.யூ.வில் படுக்கை காலியாகும் வரை அங்கிருந்து ஒரு சிஸ்டர் வந்து நிற்பார், அக்கா பக்கத்தில் இருந்து மருந்து எடுத்துக் கொடுப்பார். சி.ஆர்.ஆர்.டி.? கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது. ஏ.சி.எல்.எஸ்.? பயிற்சி முடித்தது உண்மை, ஆனால் அந்த அட்டை இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், காலாவதியாகிவிட்டது. இரண்டாவது குழந்தைக்கும் மாமியார் படுக்கையில் கிடந்ததற்குமாக வீட்டில் இருந்த காலத்தை ஒரு கிளினிக் பெயரைப் போட்டு அடைத்திருந்தார் அந்த பிரவுசிங் சென்டர் பையன். அப்படி ஒரு கிளினிக் இருந்ததா என்பதே அக்காவுக்குத் தெரியாது.

ஒவ்வொன்றாக அடிக்க அடிக்க, தாளில் பெயரும் படிப்பும் கவுன்சில் பதிவு எண்ணும்தான் மிச்சம் இருந்தன. அக்கா சிரித்தார். "இப்ப பாரு, ஒண்ணுமே இல்ல. பத்தாம் கிளாஸ் முடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

"சரிங்க்கா, கடைசியா யாருக்கு, எதைச் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

இதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்த வார்டில் நான் கற்ற பாதி அவரிடம் கற்றது. புதிதாகச் சேரும் பெண்களைச் சீக்கிரமே இரவுப் பணியில் போடுவார்கள். கல்லூரி மேம்கள் அங்கே இல்லை, இன்சார்ஜ் இல்லை, கன்சல்டன்ட் இல்லை. டியூட்டி டாக்டர் ஒருவர் நான்கு மாடிக்கும் சேர்த்து. பக்கத்தில் இருப்பது இன்னொரு நர்ஸ் மட்டும். அந்த இன்னொரு நர்ஸ் யார் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பெண் எப்படிப்பட்ட நர்சாக ஆகிறாள் என்பது இருக்கிறது. இதற்குத் தனியாகச் சம்பளமும் கிடையாது, பெயரும் கிடையாது.

அக்கா யோசித்துவிட்டு, முந்தின வாரம் ஒரு பெண்ணுக்கு மூச்சு எண்ணச் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார். மூச்சு எண்ணுவதில் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது என்று வெளியாட்களுக்குத் தோன்றும். வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், கேஸ் ஷீட்டில் அதிகமாகப் பொய் எழுதப்படும் இடமே அதுதான். பி.பி.யையும் நாடியையும் மெஷின் காட்டும். விரலில் மாட்டினால் ஆக்சிஜன் அளவு வரும். வார்டில் மூச்சை மட்டும் மெஷின் காட்டாது. நோயாளியின் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டும். முப்பது படுக்கைக்கு இரண்டு பேர் இருக்கும் இரவில் அந்த அரை மணி நேரம் யாரிடமும் கிடையாது. அதனால் முந்தைய ஷிப்டில் இருந்த 20 அப்படியே அடுத்த கட்டத்துக்கு இறங்கும். சில வார்டுகளில் பக்கம் முழுக்க 20 இருக்கும். ஒரு மாடி முழுக்க ஒரே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் நோயாளிகள்.

அந்தப் பெண்ணுக்கு நடந்ததை அக்கா தன் கைக்குறிப்பைப் பார்த்தே சொன்னார். இரவு 11 மணிக்குச் சிறுநீர்த் தொற்றோடு படுத்திருந்த சர்க்கரை நோயாளி ஒருவர். நாடி 96, பி.பி.யின் மேல் அளவு 118, ஆக்சிஜன் 96, காய்ச்சல் 99.4, மூச்சு 20. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய "நியூஸ்" என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை இங்கேயும் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. ஒவ்வொரு அளவும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதற்கேற்ப 0 முதல் 3 வரை புள்ளி. இவருக்கு நாடிக்கு மட்டும் ஒரு புள்ளி, மொத்தம் 1. கவலையில்லை.

ஒரு மணிக்கு அந்தப் பெண் மறுபடி பார்த்தபோது நாடி 104, பி.பி. 112, ஆக்சிஜன் 96, காய்ச்சல் 100.2. மூச்சு என்ற கட்டத்தில் மறுபடி 20. மொத்தம் அதே 1. தாளைப் பார்த்தால் மனிதர் அப்படியே இருக்கிறார். அக்கா போய் நின்று ஒரு நிமிடம் எண்ணினார். 25. இந்த முறையில் மூச்சு 25-ஐத் தொட்டால் அது ஒன்றுக்கே 3 புள்ளி. மொத்தம் 4. ஏதாவது ஒரு அளவில் 3 வந்தால், மொத்தம் குறைவாக இருந்தாலும் டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. மற்ற எல்லா அளவும் வேலியின் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருக்க, மூச்சு மட்டும் முதலில் தாண்டிவிட்டது. தொற்று ரத்தத்தில் பரவும்போது பெரும்பாலும் இப்படித்தான். ரத்தத்தில் அமிலம் கூடத் தொடங்கினால் உடம்பு கரியமில வாயுவை வெளியே தள்ளி ஈடுகட்டப் பார்க்கும், அதற்கு வேகமாக மூச்சு விடும். பி.பி. விழுவது பிறகு. காய்ச்சலை நம்பவே முடியாது, பத்து மணிக்குக் கொடுத்த பாராசிட்டமால் அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

"அந்தப் புள்ளைய ஏசவா முடியும்? எண்ணணும்னு எல்லாருக்கும் தெரியும். ஏன் எண்ணணும்னு ஒரு தடவ கண்ணால பாத்துட்டா பெறவு கள்ளம் போட மாட்டா" என்றார் அக்கா. எண்ணும் விதத்தையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எண்ணுகிறேன் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது, சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கண்ணை நெஞ்சில் வைக்க வேண்டும். போர்வை மூடியிருந்தால் அந்தக் கையை நோயாளியின் வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டால் ஏற்ற இறக்கம் தெரியும்.

அதற்கு அடுத்தது போன். இரவு ஒரு மணிக்கு டியூட்டி டாக்டரை எழுப்பி, "சார், 14-ம் பெட் கொஞ்சம் டல்லா இருக்காங்க" என்றால், "பார்த்துக்கோங்க சிஸ்டர்" என்ற பதில்தான் வரும். அவர்மேல் முழுக் குற்றமும் சொல்ல முடியாது, அவருக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான். அக்கா புதுப் பெண்களைப் போனை எடுப்பதற்கு முன்னால் நான்கு வரி எழுதச் சொல்வார். இப்போது என்ன நடக்கிறது, யார் இவர், நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன கேட்கிறேன். எஸ்பார் என்று பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். மூன்றாவது வரியிலும் நான்காவது வரியிலும்தான் புதுப் பெண்கள் தடுக்கி விழுவார்கள். டாக்டரிடம் நாம் என்ன நினைக்கிறோம் என்று சொல்லலாமா என்று பயம். அன்று அந்தப் பெண் எழுதிப் படித்தது இது: "சார், 14-ம் பெட், யூரின் இன்ஃபெக்‌ஷன், ஷுகர் பேஷன்ட். மூச்சு 25, பதினொரு மணிக்கு இருந்ததைவிட வேகம், நாடி 104. செப்சிஸ் ஆரம்பமோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க வந்து பாக்கணும், அதுக்குள்ள லாக்டேட்டுக்கும் கல்ச்சருக்கும் பிளட் எடுத்து வைக்கட்டுமா?" டாக்டர் வந்தார். நோயாளி விடிவதற்குள் ஐ.சி.யூ.வுக்கு மாறினார், சில நாளில் வார்டுக்குத் திரும்பினார். எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. அக்காவின் குறிப்பில் அப்படி முடியாதவையும் இருந்தன.

அந்தக் குறிப்புப் புத்தகம் பாக்கெட்டில் அடங்குகிற சின்ன டைரி. புதிதாக வந்த பெண்கள் எங்கே தடுமாறினார்கள் என்று பக்கம் பக்கமாக. பெயர் கிடையாது, தேதியும் விஷயமும் மட்டும். நோயாளிகளைப் பற்றிப் படுக்கை எண்கூட இல்லை, அதில் கவனமாக இருந்திருக்கிறார். ஒரு பக்கத்தில் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. நம் நாட்டில் இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வலுவில் வருகிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். இரவில் சர்க்கரை விழுந்து நோயாளி தூக்கத்தில் இருக்கிறாரா மயக்கத்தில் இருக்கிறாரா என்று தெரியாமல் போகும். இதைப் புதுப் பெண்களுக்கு விளக்க அக்கா இரண்டு சிரிஞ்சிலும் 10 கோடு வரை தண்ணீர் இழுத்து வைத்து, எது அதிகம் என்று கண்ணால் பார்க்கச் சொல்வாராம்.

"இதையெல்லாம் ஏங்க்கா எழுதல?" என்று கேட்டேன்.

"இது வேலைதான? இதப் போயி யாரு எழுதுவா?" என்றார்.

அன்று எழுதியது ஆங்கிலத்தில். சாரம் இதுதான்: "பொது மருத்துவ வார்டில், பெரும்பாலும் இரவுப் பணியில் ஒன்பது வருடங்கள். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியைத் தனியாகக் கவனித்ததில்லை, உதவியாக நின்றிருக்கிறேன். ஏ.சி.எல்.எஸ். சான்று காலாவதியாகிவிட்டது, அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியான பி.எல்.எஸ். நடப்பில் உள்ளது. நடுவில் குடும்பக் காரணத்துக்காக மூன்று வருடம் வேலை பார்க்கவில்லை. எம்.எஸ்சி. படிக்கவில்லை. புதிதாகச் சேரும் நர்சுகள் என்னோடு இரவுப் பணியில் போடப்படுவது வழக்கம். அவர்களுக்கு நான் கற்றுக்கொடுப்பவை: மூச்சை முழு நிமிடம் எண்ணி முன்னெச்சரிக்கை மதிப்பெண் போடுவது, இரவில் டாக்டரைப் போனில் அழைப்பது, இன்சுலின் சிரிஞ்சைச் சரிபார்ப்பது. அவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று குறிப்பு வைத்திருக்கிறேன். பகல் நேரப் பணியும் கற்பிக்கும் வேலையும் தேடுகிறேன்."

வென்டிலேட்டர் வரியை வைக்க வேண்டுமா என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம். தெரியாததை எதற்குத் தண்டோரா போட வேண்டும், எழுதாமல் விட்டால் போதாதா என்றார் அக்கா. பொதுவாகச் சொன்னால் அவர் சொல்வதுதான் சரி, தெரியாததையெல்லாம் பட்டியல் போட யாருக்கும் அவசியம் இல்லை. இங்கே அவசியம் இருந்தது. பழைய புரொஃபைல் ஏற்கெனவே பல கன்சல்டன்சிகளின் கணினியில் கிடக்கிறது. அதையும் இதையும் சேர்த்துப் படிக்கிறவருக்கு எது நிஜம் என்று ஒரு வரி சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாற்றியதும் அழைப்புகள் நின்றன, சுத்தமாக. "நல்லா எழுதிக் குடுத்தா உன் தங்கச்சி" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணியதாக அக்கா சொன்னார், குரலில் வருத்தமும் இருந்தது. மாதத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. நேர்மையாக எழுதினால் கதவு திறக்கும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த மாதம்தான் நினைவுக்கு வரும். அழைப்பின் எண்ணிக்கையைப் பார்த்தால் பழைய புரொஃபைல்தான் வெற்றி.

பிறகு ஒரு நர்சிங் கல்லூரி டியூட்டர் வேலைக்கு விளம்பரம் செய்திருந்தது. கல்லூரிகளில் பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இன்ஸ்பெக்‌ஷன் நெருங்கும்போது டியூட்டர் இடங்களை வேகமாக நிரப்புவார்கள். டியூட்டருக்கு எம்.எஸ்சி. இருந்தால் நல்லது, இல்லையென்றால் பி.எஸ்சி.யும் ஒரு வருட அனுபவமும் போதும். அக்கா அந்தப் புரொஃபைலையே அனுப்பினார்.

வைஸ் பிரின்சிபால் மேடம் போனில் கேட்டது ஒரே கேள்வி. "முழு நிமிடம்னு எழுதியிருக்கீங்களே, வார்டில் எல்லாரும் பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்கறாங்க. அதுல என்ன தப்பு?" அக்கா பதில் சொல்லவில்லை. "காட்டுறேன் மேடம், டெமோ வச்சா" என்றாராம். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

டெமோ வகுப்புக்கு லெசன் பிளான் வேண்டும். பொது நோக்கம், சிறப்பு நோக்கம், நேரம், உள்ளடக்கம், ஆசிரியர் செயல், மாணவர் செயல், துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டம் கட்டமாக. கல்லூரியில் படித்தபோது எழுதியதோடு சரி. அக்கா எழுதிய முதல் பிளானில் நாற்பது நிமிடத்துக்கு மூச்சு மண்டலத்தின் உடற்கூறு முழுவதும் இருந்தது. அதையும் அடித்தோம். வார்டில் அந்த ராத்திரி என்ன செய்தாரோ அதைத்தான் வகுப்பிலும் செய்ய வேண்டும், ஆனால் வகுப்பில் நோயாளி இல்லை.

இதற்கு வழி கண்டது அக்காவின் பெரிய மகள். அவள் பாயில் படுத்துக்கொண்டு, போனில் மெட்ரோனோம் தாளத்தைக் காதில் மாட்டி, நிமிடத்துக்கு 25 மூச்சு விட்டாள். அக்கா அதைக் காணொளியாக எடுத்தார். நேரில் ஒருவரை உட்கார வைத்து எண்ணச் சொன்னால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், எது சரி என்று பிறகு நிரூபிக்க முடியாது. காணொளியைத் திரும்ப ஓட்டலாம், விடை மாறாது.

டெமோ அன்று நான் அங்கே இல்லை, அக்கா சொன்னதை வைத்து எழுதுகிறேன். முன் வரிசையில் பிரின்சிபால், வைஸ் பிரின்சிபால், இரண்டு பேராசிரியர்கள். பின்னால் இரண்டாம் ஆண்டு மாணவிகள். முதலில் பதினைந்து வினாடி ஓட்டி நிறுத்தி, எண்ணி நான்கால் பெருக்கி எழுதச் சொன்னார். 25-ல் கால் பங்கு ஆறேகால். கால் மூச்சை யாரும் எண்ண முடியாது. எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து ஆறு கிடைக்கும், அல்லது ஏழு. ஆறு என்றவர்கள் 24 எழுதினார்கள், ஏழு என்றவர்கள் 28. பிரின்சிபாலும் ஒரு பேராசிரியரும் வேறு வேறு எண். பிறகு முழு நிமிடம். கிட்டத்தட்ட எல்லோரும் 25.

அதற்கு அப்புறம்தான் மதிப்பெண் அட்டவணையைப் போர்டில் எழுதினார். 21 முதல் 24 வரை 2 புள்ளி, 25-லிருந்து 3. பதினைந்து வினாடியில் ஒரு மூச்சு பிசகினால் கணக்கில் நான்கு பிசகும். 24 என்று எழுதியவளின் நோயாளிக்கு டாக்டர் வர மாட்டார். 14-ம் பெட் கதையைப் பெயரில்லாமல் சொல்லி, அதே எண்களைக் கொடுத்து மாணவிகளையே கூட்டச் சொன்னார். முடித்தபோது நேரம் இன்னும் மிச்சம் இருந்ததாம். லெசன் பிளானில் "துணைக்கருவி" என்ற கட்டத்தில் "என் மகள்" என்று எழுதியிருந்ததை ஒரு பேராசிரியர் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

கடைசியாக, என்ன பாடம் எடுக்க முடியாது என்று கேட்டார்கள். வென்டிலேட்டர், கிரிட்டிக்கல் கேர் என்றார் அக்கா. அதுதான் எழுதியிருக்கீங்களே என்று தாளைத் தட்டினாராம் வைஸ் பிரின்சிபால். அவருக்குத் தேவை முதலாண்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு வார்டில் நிற்கிற ஆள். அந்த இடத்துக்கு வந்த விண்ணப்பங்களில் சிமுலேஷனும் ஆராய்ச்சியும் ஏராளமாக இருந்தன. இரவில் புதுப் பெண்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று எழுதியிருந்தது ஒன்றுதான்.

வேலை கிடைத்தது. சம்பளம் குறைந்தது. இரவுப் படி போய்விட்டதால் கையில் வருவது முன்பைவிடக் கம்மி, தனியார் கல்லூரி டியூட்டர் சம்பளம் எப்போதும் அப்படித்தான். எம்.எஸ்சி. முடிக்காமல் உதவிப் பேராசிரியர் ஆக முடியாது. இரண்டு வருடம் முழு நேரப் படிப்பு, கட்டணம், பெரியவளின் பிளஸ் டூ எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன. அதைப் பற்றிக் கேட்டால், "பாக்கலாம் மக்கா" என்பார். தூக்கம் மட்டும் திரும்பி வந்துவிட்டது.

போன மாதம் பேசியபோது அக்கா கோபத்தில் இருந்தார். மாணவிகள் பிராக்டிகல் பதிவேட்டைக் கையெழுத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். கதீட்டர் போட்டது, மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப் போட்டது எல்லாம் "செய்தது" கட்டத்தில். ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, ரைல்ஸ் ட்யூபை எவ்வளவு நீளம் உள்ளே விடணும்னு எப்படி அளப்ப என்று கேட்டிருக்கிறார். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ் முனை என்று வாய் சரியாகச் சொல்லியது. கையில் ட்யூபைக் கொடுத்தால் எந்த முனையை மூக்கில் வைத்து அளப்பது என்று தெரியவில்லை. அக்கா கையெழுத்துப் போடவில்லை. பிள்ளைகள் பிரின்சிபாலிடம் போனார்கள், தேர்வுக்குப் பதிவேடு நிரம்பியிருக்க வேண்டுமே என்று. பிரின்சிபாலுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் கவலை.

கடைசியில் பாதி வழியில் ஒத்துப்போனார்கள். நிஜமாகப் பார்த்ததைப் "பார்த்தது" என்ற கட்டத்துக்கு மாற்றி எழுதினால் அக்கா அன்றைக்கே கையெழுத்துப் போடுவார். "செய்தது" கட்டம் காலியாக இருக்கும் பிள்ளைகளைச் சாயங்கால ஷிப்டில் அவரே வார்டுக்குக் கூட்டிப்போவார். அங்கே நோயாளி சம்மதித்து, வார்டு சிஸ்டர் பக்கத்தில் இருந்து, அக்கா கண் முன்னால் செய்த பிறகு அந்தக் கட்டம் நிரம்பும். இதற்குக் கல்லூரி கூடுதல் நேரப் படி எதுவும் தரவில்லை. எட்டு மணிக்கு வீடு திரும்பும் அம்மாவைப் பார்த்து, "பகல் வேலைன்னு சொன்னீங்க" என்று கேட்கிறாளாம் சின்னவள்.